மாலை நேரம் காணாமல் போன அட்டவணைகள்

என் கணவரின் வேலைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று போட்டவள் நான்தான். எங்கள் ஆபீஸில் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இறங்கினால் ஆள் நிலைக்க முடியாது. அது தெரிந்துதான் போட்டேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பதினான்கு பேர் வேலை பார்க்கிறோம். வெளியூர்க் கம்பெனி ஒன்று எங்களுக்குப் படங்கள் அனுப்பும். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு, மெஸ்ஸின் விலைப்பட்டியல், டியூஷன் சென்டர் போர்டு, இப்படி யாரோ செல்போனில் எடுத்த படங்கள். அவற்றில் உள்ள அட்டவணையை நாங்கள் மார்க்டவுன் முறையில் டைப் செய்து கொடுக்க வேண்டும். படத்தைப் பார்த்து வாசிக்கக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க அது அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

வேலை பெரிய வித்தை இல்லை. கீபோர்டில் இருக்கும் நெட்டுக்கோடுதான் ஒரு கட்டத்தை அடுத்த கட்டத்திலிருந்து பிரிக்கும். அதைப் பைப் என்போம். ஒரு வரி எழுதினால் அட்டவணையில் ஒரு வரிசை. எழுதிவிட்டு ப்ரிவ்யூவை அமுக்கினால் எல்லாம் கட்டம் கட்டமாக வந்து நிற்கும்.

நான் அங்கே சேர்ந்து மூன்று வருஷம். மற்றவர்கள் டைப் செய்ததைச் சரிபார்க்கும் ரிவ்யூவர் ஆகி ஒரு வருஷம். கல்யாணமாகி எட்டு மாதம். என் கணவர் வேல்ராஜ் எங்கள் ஆபீஸில் சேர்ந்து இரண்டே மாதம். நான்தான் சேர்த்துவிட்டேன்.

அவருக்கு இது பிடித்துப்போய்ச் செய்த வேலை இல்லை. என் மாமனார் செல்லச்சாமி சிவகிரியில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மகன் போலீஸில் சேர வேண்டும் என்று காத்திருந்தவர். இவர் இரண்டு முறை ஓட்டத்தில் தோற்றார். மூன்றாம் முறை போகவே இல்லை. அதிலிருந்து அப்பாவும் மகனும் நேராகப் பேசிக்கொள்வது குறைவு.

சேர்ந்த முதல் நாளே அவர் ஒரு தப்புச் செய்தார். ஒரு மெஸ் விலைப்பட்டியலில் 'தேங்காய் சாதம்' என்று இருந்தது. அதே கட்டத்துக்குள் அடுத்த வரியில் '(ஞாயிறு மட்டும்)' என்றிருந்தது. படத்தில் வரி மடங்கியிருக்கிறதே என்று இவரும் என்டரைத் தட்டிவிட்டார். மார்க்டவுனில் என்டரைத் தட்டினால் அந்த வரிசையே முடிந்துபோகும். கட்டத்துக்குள் வரி மடக்க வேண்டுமானால் `<br>` என்று எழுத வேண்டும். ப்ரிவ்யூவைத் திறந்தபோது தேங்காய் சாதத்துக்கு எதிரே விலை இல்லை. அதற்குக் கீழே '(ஞாயிறு மட்டும்)' என்று ஒரு புதுப் பலகாரம், அறுபது ரூபாய் விலையோடு உட்கார்ந்திருந்தது.

எங்களோடு வேலை பார்க்கும் மெஹர் பானு எழுந்து நின்றே அறிவித்தாள். "எனக்கு ஒரு ஞாயிறு மட்டும் பார்சல்!"

"சாம்பார் தனியா கட்டச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றான் ஜெபஸ்டின்.

ஆபீஸே சிரித்தது. அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் காது சூடாகிவிட்டது. என் சிபாரிசில் வந்தவர். அன்றைக்கு என் மனதில் ஒரு முடிவு விழுந்துவிட்டது: இவருக்குக் கவனம் பத்தாது. ஒருவரைப் பற்றி முடிவு செய்துவிட்டால் பிறகு அவர் செய்வதெல்லாம் அதற்குச் சாட்சியாகத்தான் தெரிகிறது.

புதுமுகங்களின் வேலையை மெஹர் பானுதான் பார்ப்பாள். அவள் அக்காவின் பிரசவத்துக்காகக் கடையநல்லூர் போய்விட, எங்கள் மேனேஜர் எபனேசர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"வேல்ராஜ் போல்டரையும் நீங்களே பாத்துருங்க. ஆனா கறாரா பாருங்க. வீட்டுக்காரர்னு விட்டுக்கொடுத்தாங்கன்னு ஒருத்தர் சொல்லிரக் கூடாது."

"சொல்ல விடமாட்டேன் சார்."

அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் போல்டரில் நூற்றுப்பன்னிரண்டு பைல்கள். முதலில் திறந்தது ஒரு சித்த வைத்தியசாலையின் போர்டு. மருத்துவர், கிழமை, நேரம் என்று மூன்று தலைப்பு. நேரத்தில் காலையும் மாலையும் ஒரே கட்டத்துக்குள் நடுவே ஒரு நெட்டுக்கோடு போட்டு எழுதியிருந்தார்கள், நம் ஊர்ப் போர்டுகளில் எழுதுவது போலத்தான். இவர் டைப் செய்திருந்தது இப்படி:

`| மரு. நாகராஜன் | செவ்வாய் | காலை 10–1 \| மாலை 5–8 |`

அந்தப் பைப்புக்கு முன்னால் ஒரு சாய்ந்த கோடு. பேக்ஸ்லாஷ். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் சாய்ந்த கோடு எதுவும் இல்லை. எங்கள் விதிமுறையின் முதல் வாக்கியமே, படத்தில் இல்லாத ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்காதே என்பதுதான். அடுத்த பைலிலும் அதே கோடு. அதற்கடுத்ததிலும். விரல் தவறி விழுகிறது, அதைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை என்று எனக்குக் கோபம் வந்தது.

மொத்தம் நாற்பத்தொரு பைல்களில் இருந்தது. ஒவ்வொன்றாக அழிக்கப் பொறுமை இல்லை. `\|` வருகிற இடமெல்லாம் `|` என்று மாற்றும்படி போல்டர் முழுவதற்கும் ஒரே கட்டளை கொடுத்தேன். இரண்டு நொடியில் முடிந்தது. சில பைல்களின் ப்ரிவ்யூவை மேலோட்டமாகப் பார்த்தேன். மூன்று பத்தி, நேரான கட்டங்கள், எதுவும் பிதுங்கவில்லை. கோடு இருந்த ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பிழையாக எண்ணினேன். தொண்ணூற்றொன்று வந்தது.

மார்க் ஹாலில் இருக்கும் பெரிய திரையில் எல்லார் பெயரோடும் வரும். அவர் எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"ஸ்வாதி, அந்தக் கோடு வந்து…"

"படத்துல இருக்கா?"

"படத்துல இல்ல. ஆனா…"

"படத்துல இல்லன்னா போடக்கூடாது. இதை முதல் நாளே சொல்லிருக்கு. வீட்ல பேசுத மாதிரி இங்கன வந்து நிக்காதீங்க. எதுனாலும் பைல்ல கமெண்ட் போடுங்க, நான் பாக்கேன்."

ஜெபஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான். அவர் திரும்பிப் போனார்.

சாயங்காலம் மேலகரத்தில் இருக்கும் வீட்டுக்குப் பைக்கில் வரும்போது சாரல் அடித்தது. ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசுவதில்லை என்று அவர் சேர்ந்த அன்றே ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். அந்த ஏற்பாடும் என்னுடையதுதான். அவர் அதை மீறவில்லை.

அடுத்த வாரம் எபனேசர் சார் அவரைத் தனியாக அழைத்து, மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"புளியறைல பெரியப்பாவோட லாரி புக்கிங் ஆபீஸ்க்குப் போயிருதேன். செக்போஸ்ட்ல நின்னு பில் காட்டுத வேலை. அதுல கோடு, புள்ளி ஒண்ணும் கெடையாது."

நான் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க அத்தான்," என்றேன். நியாயமாக நடந்துகொண்ட களைப்பு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அத்தை வடிவம்மாள் போன் செய்து, ஏன் வேலை போகிறது என்று கேட்டார்கள். "கவனம் பத்தல அத்தை. சொல்லிக் கொடுத்தாலும் அதே தப்பத் திரும்பச் செய்யுதாங்க," என்றேன். அந்தப் பக்கம் போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமா இருமியது கேட்டது.

*

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. பதினொரு மணிக்கு எபனேசர் சார் என் மேஜையில் லேப்டாப்பை வைத்தார்.

"கிளையண்ட் பேட்சைத் திருப்பிட்டாங்க ஸ்வாதி. நாப்பத்தொரு பைல்ல கடைசிப் பத்தி பாதி காணோமாம். பாத்தா, எல்லாம் வேல்ராஜ் போல்டர். நீங்க அன்னைக்கே கறாரா மார்க் போட்டது நல்லதாப் போச்சு. இல்லன்னா என் தலை உருண்டிருக்கும்."

நாற்பத்தொன்று, நான் கோட்டை அழித்த பைல்களின் எண்ணிக்கை. சித்த வைத்தியசாலை பைலைத் திறந்தேன். இந்த முறை படத்தையும் ப்ரிவ்யூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். நாகராஜன், செவ்வாய், காலை 10–1. அவ்வளவுதான். மாலை 5–8 எங்கேயும் இல்லை.

டைப் செய்த வரியில் இருக்கிறது, ப்ரிவ்யூவில் இல்லை. வரியை எண்ணிப் பார்த்தேன். தலைப்பில் மூன்று கட்டம். இந்த வரியில் நான்கு. நடுவிலிருந்த கோட்டையும் கட்டம் பிரிக்கும் கோடாக எடுத்துக்கொண்டு, மாலையை நான்காவது கட்டத்துக்குத் தள்ளியிருந்தது. தலைப்பில் நான்காவதுக்கு இடம் கிடையாது. இடம் இல்லாததை அது பிதுங்கவிடவில்லை, எச்சரிக்கவும் இல்லை. சத்தமில்லாமல் விட்டுவிட்டது. அதனால்தான் அட்டவணை அத்தனை ஒழுங்காகத் தெரிந்தது.

கோட்டுக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷைப் போட்டேன். ப்ரிவ்யூவில் மாலை 5–8 வந்து நின்றது. பேக்ஸ்லாஷ் கண்ணுக்கே தெரியவில்லை. அடுத்து வரும் கோடு எழுத்து, கட்டத்தின் சுவர் இல்லை என்று சொல்லிவிட்டு அது மறைந்துபோயிருந்தது. அழித்தேன். மாலை போனது. போட்டேன். வந்தது.

விதிமுறைக் கோப்பைத் திறந்தேன். பதினான்காம் பக்கம்: 'கட்டத்துக்குள் நெட்டுக்கோடு வந்தால் அதன் முன் பேக்ஸ்லாஷ் இடவும். கட்டத்துக்குள் வரி மடங்கினால் `<br>` இடவும். இவை படத்தில் இல்லாவிட்டாலும் பிழை அல்ல.' என்னிடம் இருந்த பழைய பிரதியில் `<br>` மட்டும்தான் இருந்தது. திருத்தம் வந்த தேதி என் கல்யாண வாரம். படிக்காமலே, படித்துவிட்டேன் என்று டிக் போட்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த போல்டர்களில் கட்டத்துக்குள் நெட்டுக்கோடு எதுவும் வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து படித்திருக்கிறார்.

பைலின் பக்கவாட்டில் முடிந்த கமெண்ட்டுகளைத் திறந்தேன். அவருடையது ஒன்று இருந்தது. மார்க் போட்ட அன்றைய தேதி.

'இந்தக் கோடு செல்லுக்கு உள்ளே வருவது. பேக்ஸ்லாஷ் எடுத்தால் மாலை நேரம் ப்ரிவ்யூவில் வரவில்லை. பக்கம் 14 பார்க்கவும். 41 பைலிலும் இப்படித்தான். நன்றி.'

அதற்குக் கீழே: 'முடிந்தது. ஸ்வாதி.'

நான் அதைப் படித்ததே இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், நிலுவையிலிருந்த கமெண்ட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மூடினேன். அதில் ஒன்று இது. கடைசியில் 'நன்றி' என்று வேறு எழுதியிருந்தார். எட்டு மாதம் ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு.

நிமிர்ந்தேன். நான்கு மேஜை தள்ளி அவர் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தார். மாதக் கடைசிக்கு இன்னும் ஐந்து நாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" எபனேசர் சார் கதவருகில் நின்று கேட்டார். "செவ்வாய்க்கெழமை திரும்ப அனுப்பணும்."

"திங்கட்கெழமை சரிபண்ணிருதேன் சார்."

"வேல்ராஜ் பண்ண கோளாறுக்கு நீங்க கெடந்து கஷ்டப்படுதீங்க. என்ன செய்ய."

அப்போது சொல்லியிருக்கலாம். ஹாலில் பதினோரு பேர் இருந்தார்கள். என் வாய் திறந்தது. "பரவாயில்ல சார்," என்றது.

*

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் குற்றாலத்தில் குளிக்க வந்தார்கள். சீசன் கூட்டத்துக்குப் பயந்து பழைய குற்றாலம் போனோம். அங்கேயும் கூட்டம்தான். அருவியில் நின்றபோது தண்ணீர் தலையில் அறைந்தது. எல்லாருக்கும் அது சுகம். எனக்கு அன்று அது யாரோ அடிப்பது போலவே இருந்தது, நியாயமாக அடிப்பது போல.

குளித்துவிட்டு வந்து ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். மாமா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"என்னலே, புளியறைக்குப் போறியாமே?"

"ஆமாப்பா."

"ஓடச் சொன்னோம், ஓடல. சரி, உக்காந்து டைப்படி, அதாவது வருதான்னு பாத்தோம். ஏலே, ஒரு எடத்துல உக்காந்து படத்தப் பாத்து எழுதுததுலயும் பெயிலாகுத மொத ஆளு நீதாம்லே."

"விடுங்க, ஹோட்டல்ல வச்சு," என்றார்கள் அத்தை.

"ஹோட்டல்ல என்ன, இருக்கதத்தானே சொல்லுதேன். இவன் பொண்டாட்டி, இவளே சொல்லுதா கவனம் பத்தலன்னு. வேற எவன் சொல்லிருந்தாலும் நான் நம்பிருக்க மாட்டேன். ஏம்மா, நீதானே பாத்த? உன் கண்ணு முன்னால நடந்ததுதானே?"

என் கணவர் பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்தார், மெதுவாக, யாரையும் பார்க்காமல். மறுத்துப் பேசவில்லை. என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை.

"மாமா," என்றேன். "தப்பு அவங்க மேல இல்ல. நான் செஞ்சது."

"என்ன?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ரிட்டயர்டு ஏட்டிடம் பேக்ஸ்லாஷை எங்கிருந்து ஆரம்பிப்பது? மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரில் விரலால் நான்கு நெட்டுக்கோடு கிழித்தேன்.

"இது அட்டவணை மாமா. ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு கட்டம். மூணு கட்டம் இருக்கு. இப்போ கடைசிக் கட்டத்துக்கு உள்ளயே ஒரு கோடு எழுத வேண்டியிருக்கு. சும்மா எழுதுனா கம்ப்யூட்டர் அதுவும் கட்டத்தோட கோடுன்னு நெனச்சு, பின்னால இருக்கத வெளிய தள்ளிரும். அப்படித் தள்ளாம இருக்கதுக்கு முன்னால ஒரு சின்னச் சாய்ஞ்ச கோடு போடணும். அவங்க சரியாப் போட்டிருந்தாங்க. நான் அது தப்புன்னு நெனச்சு எல்லாத்தையும் அழிச்சேன். அழிச்சதுல பாதி நேரம் காணாமப் போச்சு. அழிச்சுட்டு…"

"அழிச்சுட்டு?"

"அவங்க தப்புன்னு மார்க் போட்டேன்."

மாமா தண்ணீர்க் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது ஒவ்வொன்றாகக் கலைந்து ஒன்றாகச் சேர்ந்தது.

"எங்க ஸ்டேஷன்ல இதுக்குப் பேரு பொய்க் கேஸும்மா," என்றார் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைத்தது. பிறகு மகன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாலே?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். எழுதிப் போட்டேன். மூடிட்டா." அவர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ படிச்சுட்டுத்தான் மூடுனன்னு நெனச்சேன் ஸ்வாதி. ரிவ்யூவருக்கு வேற விதி இருக்கும்போல, நமக்குத்தான் தெரியல போலன்னு நெனச்சேன்."

"நான் படிக்கல," என்றேன்.

அவர் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். படித்துவிட்டு நிராகரித்திருந்தால்கூட அவருக்குத் தாங்கியிருக்கும். அத்தை என் இலைப்பக்கம் சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்கள். அந்தச் சின்ன இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து கை கழுவப் போனேன்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுப் பைக்கில் திரும்பும்போது அவர் தோளைத் தொட்டு, "அத்தான், மன்னிச்சிருங்க," என்றேன்.

"அப்பாகிட்ட சொன்னது அப்பாவோட முடிஞ்சது. எபனேசர் சார்கிட்ட?"

"நாளைக்குச் சொல்லிருவேன். அவர் ரூமுக்குப் போயி…"

"ரூமுக்கா?" பைக் சத்தத்துக்கு மேலே அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "எனக்கு மார்க் போட்டது ரூமுக்குள்ளயா?"

வீடு வரும்வரை நான் தோளிலிருந்து கையை எடுத்து சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

*

திங்கட்கிழமை காலை மெஹர் பானுவும் திரும்பிவிட்டாள். ஹாலில் ஆள் குறைவில்லை. நான் முதலில் ஆபீஸ் முழுவதற்கும் ஒரு மெயில் எழுதினேன். 'பைல்களில் தவறு நேர்ந்துவிட்டது' என்று ஆரம்பித்திருந்தேன். வாசித்தபோது தப்பு தானாக வந்து போனதைப் போல இருந்தது. அழித்துவிட்டு, 'வேல்ராஜ் சரியாகப் போட்ட பேக்ஸ்லாஷை நாற்பத்தொரு பைல்களிலும் நான் நீக்கினேன். அவர் எழுதிய கமெண்ட்டைப் படிக்காமலே மூடினேன். அவருக்கு நான் போட்ட மார்க் தவறு' என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு எழுந்து நின்று, மெயிலைத் திறக்காதவர்களுக்காக வாயாலும் சொன்னேன். யாரும் உதவிக்கு வரவில்லை. வரவும் கூடாது.

எபனேசர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கமெண்ட்டை மூடுததுக்கு முன்னால படிக்கணும்னு நான் தனியா ஒரு விதி எழுதணுமா ஸ்வாதி?"

"வேண்டாம் சார்."

"சனிக்கெழமை நான் கேக்கும்போது உங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட ஒரு நொடி ஆசை வந்தது.

"தெரியும் சார்."

ஜெபஸ்டின் என்னைப் பார்க்காமல் இருக்கப் பிரயாசைப்பட்டான்.

மெஹர் பானு அங்கேயே மார்க்கைத் திரும்பக் கணக்கிட்டாள். தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு. பெரிய திரையில் அது மாறியது. எபனேசர் சார் அவரிடம், "வேல்ராஜ், நீங்க எங்கயும் போகல. நானும் ஒரு பைலத் திறந்து பாத்திருக்கணும். மன்னிச்சிருங்க," என்றார். ரிவ்யூ வேலையை என்னிடமிருந்து எடுத்து மெஹர் பானுவிடம் கொடுத்தார். பிறகு, "அந்த நாப்பத்தொண்ணையும் நாளைக்குள்ள சரிபண்ணணும். திரும்ப ஒரே கட்டளைல மாத்திர வேண்டாம், கட்டத்தோட கோட்டுக்கும் சேத்து பேக்ஸ்லாஷ் விழுந்துட்டா அட்டவணையே இருக்காது. ஒவ்வொண்ணா கையால பண்ணுங்க. வேல்ராஜ் படத்தப் பாத்து வாசிக்கட்டும். நீங்க ப்ரிவ்யூவப் பாத்து இருக்கா இல்லையான்னு சத்தமாச் சொல்லுங்க," என்றார்.

என் கணவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தோள் இடிக்காத தூரத்தில். வாசிக்கத் தொடங்கினார், செய்தி வாசிப்பது போல.

"நாகராஜன்."

"இருக்கு."

"செவ்வாய்."

"இருக்கு."

"காலை பத்து டு ஒண்ணு."

"இருக்கு."

"மாலை அஞ்சு டு எட்டு."

"இல்ல," என்றேன். பேக்ஸ்லாஷைப் போட்டேன். வந்தது. "இருக்கு."

அடுத்த பைல். டியூஷன் சென்டர். "கணக்கு, அடுத்த வரி, பத்தாம் வகுப்பு" என்று அவர் வாசித்த இடத்தில் `<br>` சரியாக நின்றது. அதை அவர் முதல் நாளுக்குப் பிறகு ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். நேரம் இருக்கும் கட்டத்துக்கு வந்தார். மாலை இல்லை. ஸ்கேன் சென்டர், மாலை இல்லை. நூலகம், மாலை இல்லை. ஒவ்வொரு 'இல்ல'வும் எல்லார் காதிலும் விழுந்தது. ஒரு மேஜை தள்ளி மெஹர் பானு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பாட்டு எதுவும் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும்.

பதினேழாவது பைல் ஒரு பரோட்டாக் கடையின் போர்டு. அவர் வாசித்தார்.

"ஞாயிறு முதல் சனி வரை."

"இருக்கு."

"காலை விடுமுறை."

"இருக்கு."

"மாலை அஞ்சு டு பதினொண்ணு."

"இல்ல."

திரும்பிப் பார்த்தேன். அவர் ப்ரிவ்யூவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு முதல் சனி வரை காலை விடுமுறை. அவ்வளவுதான் இருந்தது. அவர் உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது.

"ஏட்டி," என்றார் அடக்க முடியாமல், "வருஷம் பூரா கடையை மூடியே போட்டுட்டியே. அந்தாளு எப்படிப் பொழப்பான்?"

ஜெபஸ்டின் வெடித்துச் சிரித்தான். மெஹர் பானுவும்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது, எல்லார் முன்னாலும், மூக்கு ஒழுக. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு பேக்ஸ்லாஷைப் போட்டேன்.

"இருக்கா?" என்று கேட்டார்.

கண்ணில் நீர் மறைத்ததால் திரை தெரியவில்லை. தெரியாமல் இருக்கு என்று சொல்லத் துணிவில்லை. "கொஞ்சம் இருங்க," என்றேன். முகத்தை நன்றாகத் துடைத்தேன். மாலை ஐந்திலிருந்து பதினொன்று வரை கட்டத்துக்குள் இருப்பதைப் பார்த்தேன்.

"இருக்கு."

"சரி," என்றார். நாற்காலியை நகர்த்தவில்லை. அடுத்த படத்தைத் திறந்தார்.